கரும்பொருள் கதிர்வீச்சு: 1500 கெல்வின் உலை ஒன்றை வைத்துச் சில கேள்வி பதில்கள்

குவாண்டம் பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இயற்பிய வேதியியல் மாணவர்கள் தடுக்கி நிற்கும் இடம் இது. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்குகள் பெரும்பாலும் ஒரே உலையைப் பற்றியவை. உள்ளே 1500 கெல்வின், அதாவது ஏறத்தாழ 1227 டிகிரி செல்சியஸ். பக்கச் சுவரில் ஒரு சிறு துளை. ஒரே உலையைக் கடைசிவரை கையில் வைத்திருந்தால் எண்கள் மனதில் ஒட்டும்.

கரும்பொருள் என்றால் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? பளபளவென்று ஒளிரும் உலையை ஏன் அப்படிச் சொல்கிறோம்?

பெயர் சொல்வது அந்தப் பொருள் ஒளியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை மட்டும்தான். மேலே விழும் எல்லா அலைநீளங்களையும் திருப்பி அனுப்பாமல் முழுக்க உட்கவர்வது கரும்பொருள். அறை வெப்பநிலையில் அது கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். சூடாக்கினால் தன் சொந்த ஒளியை வீசும். நன்றாக உட்கவரும் பொருள் நன்றாகவே உமிழும் என்பது 1859-60இல் கிர்க்காஃப் காட்டியது. ஆகவே ஒரே வெப்பநிலையில் எந்தப் பொருளையும்விட அதிகமாக, எல்லா அலைநீளங்களிலும், வெப்பத்தால் ஒளிர்வது கரும்பொருள்தான்.

ஒரு துளை எப்படிக் கரும்பொருள் ஆகும்? அங்கே பொருளே இல்லையே!

நல்ல வெயிலில் தெருவில் நின்று எதிர்வீட்டின் திறந்த ஜன்னலைப் பாருங்கள். உள்ளே சுவருக்கு வெள்ளையடித்திருந்தாலும் ஜன்னல் இருட்டாகத்தான் தெரியும். உள்ளே போன வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழந்து, வந்த வழியே திரும்பி வருவது அரிது.

உலைத் துளையிலும் அதேதான். உள்சுவர் ஒரு மோதலில் 70 சதவீத ஒளியை உட்கவர்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளையின் பரப்பு மொத்த உள்பரப்பில் 1 சதவீதம். சிதறிய 30 சதவீதத்தில் நூறில் ஒரு பங்குதான் துளைவழியே வெளியேறும், மீதி மறுபடி சுவரில் மோதும். இந்தத் தொடரைக் கூட்டினால் துளையின் உட்கவர்திறன் 0.7 / (0.7 + 0.3 × 0.01), அதாவது 0.996. சுவர் பாதி ஒளியைத்தான் உட்கவரும் என்றாலும் துளை 0.99 தருகிறது. சுவர் எதனால் ஆனது என்ற கேள்வியே கிட்டத்தட்ட மறைந்துபோகிறது.

இந்த யோசனையை 1895இல் வீனும் லும்மரும் முன்வைத்தார்கள். பெர்லினில் இருந்த அரசு இயற்பியல் தொழில்நுட்ப ஆய்வகத்தில் லும்மரும் உடன் வேலை செய்தவர்களும் மின்சாரத்தால் சூடாக்கிய குழிவு உலைகளை உண்டாக்கி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்ற வளைகோட்டைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள்.

உலைக்குள் எது இருந்தாலும் ஒரே மாதிரிதான் ஒளிருமாம். நம்புவதா?

நம்பலாம், பார்க்கவும் முடியும். ஆய்வகத்தில் மஃபிள் ஃபர்னஸ் இருந்து, அதில் பார்வைத் துளையும் இருந்தால், உள்ளே ஒரு வெள்ளைப் பீங்கான் மூசையையும் கறுத்துப்போன ஒரு உலோகத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சூடேறத் தொடங்கும்போது இரண்டும் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் துளைவழியே பார்த்தால் மூசையின் விளிம்பு கரைந்துபோகும். சுவர், மூசை, உலோகம் மூன்றும் ஒரே ஆரஞ்சு ஒளியாகிவிடும்.

மூசை சொந்தமாகக் குறைவாக உமிழ்கிறது, ஆனால் சுவரிலிருந்து வரும் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. உலோகம் கூடுதலாக உமிழ்கிறது, குறைவாகச் சிதறடிக்கிறது. கூட்டினால் இரண்டும் ஒன்று. அப்படிச் சமமாகாவிட்டால் ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக வெப்பம் பாயும்; வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை விடாது. கதவைத் திறந்தால் மூசை மறுபடி தெரியும், ஏனென்றால் அப்போது அது மூடிய குழிவு இல்லை.

இதிலிருந்து வருவதுதான் முக்கியம். உள்ளே நிறைந்திருக்கும் கதிர்வீச்சு, சுவரின் வேதியியலைச் சாராமல், வெப்பநிலையை மட்டும் சார்ந்திருக்கிறது. அப்படியானால் அதன் வளைகோட்டை எந்தப் பொருளின் விவரமும் இல்லாமல், அடிப்படை விதிகளிலிருந்தே கணக்கிட்டுச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில்தான் செவ்வியல் இயற்பியல் கையை விரித்தது.

வெப்பநிலை ஏறினால் உச்சம் ஏன் குறைந்த அலைநீளத்துக்கு நகர்கிறது?

விதி சிறியது: λmax × T = 2898 மைக்ரோமீட்டர் கெல்வின். நம் உலைக்கு 2898/1500 = 1.93 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது உச்சம். 3000 கெல்வினுக்கு ஏற்றினால் 0.97 மைக்ரோமீட்டர். நம் தோல், ஏறத்தாழ 305 கெல்வின், 9.5 மைக்ரோமீட்டரில் உச்சம் காட்டும்.

காரணத்தைப் பார்ப்போம். குழிவுக்குள் இரண்டு போக்குகள் இழுபறி நடத்துகின்றன. அலைநீளம் குறையக் குறைய அங்கே இடம்பெறக்கூடிய அலைகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது. அதே சமயம் ஒரு குவாண்டத்தின், அதாவது அந்த அலை வாங்கக்கூடிய மிகச் சிறிய ஆற்றல் துண்டின், விலை hν கூடுகிறது. கையிருப்பாகிய kT அதற்குப் போதாமல் போனதும் அந்த அலைகளுக்கு ஆற்றல் கிடைப்பதில்லை. இரண்டும் சமனாகும் இடம் hν ஏறத்தாழ 5 kT ஆக இருக்கும் இடம். வெப்பநிலையை இரட்டித்தால் கையிருப்பு இரட்டிக்கிறது, இரண்டு மடங்கு விலையுள்ள குவாண்டம்வரை கட்டுபடியாகிறது, அலைநீளம் பாதியாகிறது.

அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்னால் வரப்போகும் பிளாங்க் சமன்பாட்டை λ பொறுத்து வகையிட்டுப் பூச்சியமாக்கி, x = hc/λkT என்று எழுதினால் கிடைப்பது:

x = 5(1 − e⁻ˣ)

வலப்பக்கத்தில் 5 போட்டால் 4.9663 வரும். அதை மறுபடி போட்டால் 4.9652. இன்னும் ஒரு தடவை போட்டால் 4.9651, அதற்குமேல் நான்காம் தசம இடம் அசையாது. hc/k = 14388 மைக்ரோமீட்டர் கெல்வின் என்பதை 4.9651 ஆல் வகுத்துப் பாருங்கள், 2898 வந்து நிற்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உச்சம் நகர்வதைப் பார்த்து, சூடேறினால் அகச்சிவப்பு குறைகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. சூடான பொருளின் வளைகோடு குளிர்ந்த பொருளின் வளைகோட்டுக்கு எல்லா அலைநீளங்களிலும் மேலேதான் இருக்கும். இரண்டும் எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. 1500இலிருந்து 3000 கெல்வினுக்குப் போனால் மொத்த ஆற்றல் 16 மடங்கு, உச்சத்தின் உயரம் 32 மடங்கு. குறைந்த அலைநீளப் பக்கம் மிக வேகமாக வளர்வதால்தான் உச்சம் அந்தப் பக்கம் போகிறது.

சூரியனின் உச்சம் பச்சையில் இருக்கிறது. அப்புறம் ஏன் எதுவும் பச்சையாகப் பழுப்பதில்லை?

உச்சம் ஒரு ஊசிமுனை இல்லை, அகலமான மேடு. சூரியப் பரப்பின் 5772 கெல்வினுக்கு உச்சம் 502 நானோமீட்டர். ஆனால் அதே சமயம் சிவப்பும் நீலமும் ஏராளமாக வருகின்றன, கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து வெள்ளை. பழுக்கக் காய்ச்சிய இரும்பு சிவப்பாகத் தெரியும்போது அதன் உச்சம் சிவப்பில் இல்லவே இல்லை. 1000 கெல்வின் இரும்புக்கு உச்சம் 2.9 மைக்ரோமீட்டர், நாம் காண்பது வளைகோட்டின் வால் நுனி, சிவப்பில் மட்டும் லேசாக நுழைந்திருப்பது. நம் 1500 கெல்வின் உலையிலும் 0.7 மைக்ரோமீட்டருக்குக் கீழே வருவது மொத்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளியே கண்ணைக் கூசவைக்கிறது.

அலைநீளத்தில் வரைந்தால் உச்சம் ஓரிடம், அதிர்வெண்ணில் வரைந்தால் வேறிடம். எது உண்மை?

இரண்டும் உண்மை. இந்த இடத்தில் மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வளைகோட்டின் உயரம் ஆற்றல் அல்ல; ஒரு அலகு அகலத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்பது. அகலத்தை மைக்ரோமீட்டரில் வெட்டுகிறோமா, ஹெர்ட்ஸில் வெட்டுகிறோமா என்பதைப் பொறுத்து உயரம் மாறும். 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரையிலான துண்டு, அதிர்வெண்ணில் 300இலிருந்து 150 டெராஹெர்ட்ஸ் வரை, அதாவது 150 டெராஹெர்ட்ஸ் அகலம். 10 முதல் 11 மைக்ரோமீட்டர் துண்டும் ஒரு மைக்ரோமீட்டர்தான், ஆனால் அதிர்வெண்ணில் அது 2.7 டெராஹெர்ட்ஸ் மட்டுமே. ஆகவே அதிர்வெண்ணுக்கு மாறும்போது குறைந்த அலைநீளப் பக்கத்து ஆற்றல் அகலமாகப் பரவி உயரம் இழக்கிறது, நீண்ட அலைநீளப் பக்கம் நெருக்கிக் குவிந்து உயர்கிறது. உச்சம் நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளிப்போகிறது.

நம் உலைக்கு, அலைநீள வரைபடத்தின் உச்சம் 1.93 மைக்ரோமீட்டர். அதிர்வெண் வரைபடத்தின் உச்சம் 88 டெராஹெர்ட்ஸ். அதை c/ν போட்டு மாற்றினால் 3.40 மைக்ரோமீட்டர் வரும். λmax × νmax = c என்று எழுதினால் விடை தப்பு, அவ்வளவுதான். அதிர்வெண்ணுக்குரிய சமன்பாடு x = 3(1 − e⁻ˣ), அதன் விடை 2.821. ஐந்து மூன்றானதற்குக் காரணம் dν = (c/λ²) dλ என்ற அந்த λ² தான்.

வேதியியல் மாணவருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அகச்சிவப்பு நிறமாலைமானியின் ஒளிமூலமும் இப்படிச் சூடான ஒரு தண்டுதான், வரைபடம் அலையெண்ணில் வருகிறது. 1500 கெல்வின் மூலத்தின் வளைகோடு அலையெண்ணில் 2940 செ.மீ⁻¹ அருகே உச்சம் கொள்ளும், 1.93 மைக்ரோமீட்டருக்குரிய 5180 செ.மீ⁻¹ இல் தேடினால் கிடைக்காது.

ராலே-ஜீன்ஸ் கணக்கில் எந்த வரி தப்பு? எல்லாமே சரியாகத்தானே தெரிகிறது?

அதுதான் சரியான கேள்வி. செவ்வியல் இயற்பியலை மட்டும் வைத்து வளைகோட்டைச் சொல்ல முயன்ற இந்தக் கணக்கில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன.

முதல் வரி, குழிவுக்குள் எத்தனை நிலை அலைகள் பொருந்தும் என்ற எண்ணிக்கை. இரண்டு முனையும் கட்டிய வீணைத் தந்தியில் அரை அலை ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணாகத்தான் பொருந்தும். முப்பரிமாணப் பெட்டியில் மூன்று திசையிலும் இப்படிப் பொருந்த வேண்டும், ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முனைவாக்கத் திசைகள் உண்டு. எண்ணினால், ஒரு அலகு பருமனில், ஒரு அலகு அலைநீள அகலத்துக்கு 8π/λ⁴. நம் உலைக்குள் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்து, 500 நானோமீட்டரைச் சுற்றி ஒரே ஒரு நானோமீட்டர் அகலத்தில் எண்ணினால் 4 × 10¹¹ அலைகள், அதாவது நாற்பதாயிரம் கோடி. இந்த வரியில் பிழையே இல்லை. பிளாங்க் சமன்பாட்டிலும் இதே எண்ணிக்கைதான் இருக்கிறது.

இரண்டாம் வரி, ஒவ்வொரு நிலை அலைக்கும் சராசரியாக kT ஆற்றல். இது ஆற்றல் சமபங்கீட்டு விதி. அலைவு எந்த ஆற்றலையும், எவ்வளவு சிறிதாகவும், ஏற்கலாம் என்று கொண்டு போல்ட்ஸ்மேன் சராசரி எடுத்தால் அதிர்வெண் அடிபட்டுப்போய் வெறும் kT மிஞ்சும். மெதுவாக ஆடுவதற்கும் வேகமாக ஆடுவதற்கும் ஒரே பங்கு.

இரண்டையும் பெருக்கினால் 8πkT/λ⁴. λ பூச்சியத்தை நெருங்க இது எல்லையில்லாமல் ஏறுகிறது. மொத்த ஆற்றல் முடிவிலி. அடுப்பைத் திறந்தால் எக்ஸ் கதிர் கொட்ட வேண்டும். இதற்குப் புற ஊதாப் பேரழிவு என்று 1911இல் பெயர் வைத்தவர் எஹ்ரன்ஃபெஸ்ட்.

திடப்பொருளிலும் சமபங்கீடு தவறுகிறது, ஆனால் அங்கே யாரும் முடிவிலியைச் சந்திக்கவில்லை. N அணுக்கள் உள்ள படிகத்தில் 3N அதிர்வுகள்தான் இருக்க முடியும். அணுக்களுக்கு இடையேயான தூரத்தைவிட நுணுக்கமான அலைக்கு அங்கே அர்த்தம் இல்லை. வெற்றிடத்தில் உள்ள மின்காந்தப் புலத்துக்கு அப்படி அணுக்கள் இல்லை, ஆகவே மிகக் குறைந்த அலைநீளம் என்ற எல்லையும் இல்லை. அதனால்தான் தவறு இங்கே ஒளிந்துகொள்ள முடியாமல் பட்டவர்த்தனமாக வெளிப்பட்டது.

எண்ணில் சொன்னால் எவ்வளவு தப்பு?

x = hc/λkT என்று வைத்தால், செவ்வியல் கணக்கு உண்மையைவிட (eˣ − 1)/x மடங்கு கூடுதலாகச் சொல்கிறது. நம் உலைக்கு x = 9.59/λ, λ மைக்ரோமீட்டரில்.

50 மைக்ரோமீட்டரில் x = 0.19, கூடுதல் 10 சதவீதம்தான். 10 மைக்ரோமீட்டரில் 1.7 மடங்கு. உச்சமான 1.93 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 29 மடங்கு. 0.5 மைக்ரோமீட்டரில், அதாவது பச்சை ஒளியில், 1 கோடியே 12 லட்சம் மடங்கு.

ஆகவே செவ்வியல் கணக்கு எங்குமே உதவாது என்று சொல்லக் கூடாது. hν ≪ kT என்ற பக்கம் அது நல்ல தோராயம். தேர்வில் எல்லையைக் கேட்டால், x சிறிதாக இருக்கும்போது eˣ − 1 என்பது x ஆகிவிடுவதைக் காட்டினால் பிளாங்க் சமன்பாடே ராலே-ஜீன்ஸாக இறங்கி வரும்.

சரி, பிளாங்க் எதை மாற்றினார்?

இரண்டாம் வரியை மட்டும். ν அதிர்வெண்ணுடைய அலைவு 0, hν, 2hν, 3hν என்ற படிகளில்தான் ஆற்றலை வைத்திருக்க முடியும் என்று கொள்ளுங்கள். (பிளாங்க் இதைச் சுவரில் உள்ள அலைவிகளுக்குச் சொன்னார், நாம் நேரடியாக நிலை அலைகளுக்கே சொல்கிறோம், விடை ஒன்றுதான்.) போல்ட்ஸ்மேன் எடை e⁻ⁿˣ, n = 0, 1, 2 என்று. தொகையீட்டுக்குப் பதில் கூட்டல் போட்டால், அது சாதாரணப் பெருக்குத் தொடர்:

சராசரி ஆற்றல் = hν / (eˣ − 1)

இதை 8π/λ⁴ ஆல் பெருக்கி, hν ஐ hc/λ என்று எழுதினால் பிளாங்க் சமன்பாடு:

ρ(λ) = (8πhc/λ⁵) × 1/(e^(hc/λkT) − 1)

இப்போது மறுபடி அந்த ஒரு கன சென்டிமீட்டருக்குள் பாருங்கள். 1500 கெல்வினில் kT = 0.129 எலக்ட்ரான் வோல்ட். 500 நானோமீட்டர் ஒளியின் ஒரு குவாண்டம் 2.48 எலக்ட்ரான் வோல்ட், அதாவது கையிருப்பைப் போல 19 மடங்கு விலை. அரைக் குவாண்டம் வாங்க வழியில்லை. e⁻¹⁹·¹⁸ கணக்கிட்டால், ஒரு குறிப்பிட்ட நிலை அலையில் ஒரு குவாண்டமாவது இருப்பதற்கான வாய்ப்பு 21 கோடியில் ஒன்று. நாற்பதாயிரம் கோடி அலைகள் இருக்கின்றன. அவற்றில் எந்த நொடியிலும் ஒளி இருப்பது சுமார் 1900இல் மட்டும். மற்றதெல்லாம் காலி இருக்கைகள். செவ்வியல் இயற்பியல் அந்த ஒவ்வொரு காலி இருக்கைக்கும் 0.129 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்துக் கூட்டியது. பேரழிவு என்பது அதுதான்.

மறுபக்கம் 50 மைக்ரோமீட்டரில், குவாண்டத்தின் விலை kTயில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு நிலை அலையிலும் சராசரியாக 4.7 குவாண்டங்கள் இருக்கின்றன. படிகள் அவ்வளவு சிறியவை என்பதால் படிக்கட்டும் சரிவுப் பாதையும் ஒன்றுபோலத் தெரிகிறது.

பிளாங்க் புற ஊதாப் பேரழிவைத் தீர்க்கத்தானே இதைக் கண்டுபிடித்தார்?

பாடப்புத்தகங்களில் அந்த வரிசையில் எழுதியிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. நடந்தது வேறு. 1900இல் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தது வீன் 1896இல் தந்த பரவல் விதியை. அதில் eˣ − 1 க்குப் பதில் வெறும் eˣ இருக்கும். குறைந்த அலைநீளங்களில் அது அழகாகப் பொருந்தியது. பிரச்சினை வந்தது எதிர்ப்பக்கத்தில், நீண்ட அகச்சிவப்பில்.

லும்மரும் பிரிங்ஸ்ஹைமும் முதலில் விலகலைக் கண்டார்கள். அப்புறம் ரூபென்ஸும் கூர்ல்பாமும் பாறை உப்புப் படிகங்களில் மீண்டும் மீண்டும் எதிரொளித்து 51.2 மைக்ரோமீட்டர் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து அளந்தார்கள். அந்த அலைநீளத்துக்கு hc/λk = 281 கெல்வின். வெப்பநிலையை 750இலிருந்து 1500க்கு இரட்டித்தால், வீன் விதிப்படி ஒளி 1.2 மடங்குதான் ஆகும். ஏற்கெனவே அது நிறைவை எட்டிவிட்டது என்று வீன் விதி சொல்கிறது. பிளாங்க் சமன்பாடு 2.2 மடங்கு தரும். இந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் மறையக்கூடியது அல்ல. நீண்ட அலைநீளத்தில் ஒளி வெப்பநிலைக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் வளர்கிறது என்பதுதான் சோதனை சொன்னது.

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரூபென்ஸ் பிளாங்கின் வீட்டுக்குப் போனபோது இந்தச் செய்தியைச் சொன்னார். வீன் விதி ஒரு முனையில், நேர் விகிதம் மறுமுனையில். இரண்டையும் இணைக்கும் சூத்திரத்தைப் பிளாங்க் அன்றே எழுதிவிட்டார். அக்டோபர் 19 அன்று ஜெர்மன் இயற்பியல் கழகத்தில் வைத்தார். அதற்கு அடித்தளம் தேடி, ஆற்றலைத் துண்டுகளாக எண்ணும் வழியை டிசம்பர் 14 அன்று சொன்னார். ராலேயின் கட்டுரை அதே 1900இல் வந்திருந்தாலும், ஜீன்ஸ் திருத்திய முழு வடிவம் 1905இல்தான் வந்தது. வாழ்நாளில் பல ஆண்டுகளை இரண்டாம் விதிக்குச் செலவிட்ட ஒருவர், வெறும் அந்த “−1” ஐ நியாயப்படுத்தப் போய்க் குவாண்டத்தில் முட்டினார் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

h இன் மதிப்பு எங்கிருந்து கிடைத்தது?

உலை அளவீடுகளிலிருந்துதான். தெரியாதவை இரண்டு, h உம் k உம். அளவீடுகள் இரண்டு. மொத்தக் கதிர்வீச்சு k⁴/h³ ஐத் தருகிறது, உச்சம் h/k ஐத் தருகிறது. அன்று கிடைத்த உச்ச மாறிலி 0.294 சென்டிமீட்டர் கெல்வின். இவற்றிலிருந்து பிளாங்க் பெற்றது h = 6.55 × 10⁻³⁴ ஜூல் வினாடி, k = 1.346 × 10⁻²³ ஜூல்/கெல்வின்.

வேதியியல்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த வரி. R = 8.314 ஐ அந்த k ஆல் வகுத்தால் அவகாட்ரோ எண் 6.18 × 10²³. இன்றைய மதிப்பு 6.022 × 10²³. மூலக்கூறு எதையும் தொடாமல், உலைத் துளையில் வந்த ஒளியை அளந்தே ஒரு மோலில் எத்தனை துகள் என்று மூன்று சதவீதத்துக்குள் சொல்லிவிட்டார்.

வேதியியலில் இது வேறு எங்கே வருகிறது?

வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறனில் அப்படியே வருகிறது. நைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வுக்குச் சமபங்கீட்டின்படி R கிடைக்க வேண்டும். மொத்த Cv 7R/2, அதாவது 29.1 ஜூல். அறை வெப்பநிலையில் அளந்தால் 20.8, சரியாக 5R/2. அதிர்வு வாயே திறக்கவில்லை.

அதன் அலையெண் ஏறத்தாழ 2330 செ.மீ⁻¹, 298 கெல்வினில் x = 11.2. குவாண்டத்தின் விலை கையிருப்பைப் போல 11 மடங்கு. உலைக்குள் பச்சை ஒளிக்கு நேர்ந்த அதே கதி. அதே hν/(eˣ − 1) ஐ வெப்பநிலை பொறுத்து வகையிட்டால் அதிர்வின் பங்கு 0.002 R கூட வராது. இப்போது அந்த நைட்ரஜனை நம் 1500 கெல்வின் உலைக்குள் விடுங்கள். x = 2.24 ஆகிறது, பங்கு 0.67 R ஆக எழுந்து நிற்கிறது. 1907இல் வைரத்தின் வெப்ப ஏற்புத்திறன் ஏன் குறைவு என்று ஐன்ஸ்டைன் விளக்கியதும் இந்த வழியில்தான்.

கணக்குப் போடும்போது வழக்கமாக எங்கே தவறு வரும்?

செல்சியஸை அப்படியே போடுவது முதலாவது. 1227 போட்டால் உச்சம் 2.36 மைக்ரோமீட்டர் என்று வரும், பார்வைக்கு நம்பும்படி இருப்பதால் கண்டுபிடிப்பது கடினம். விடை வந்ததும் hc/λkT கணக்கிட்டுப் பாருங்கள். அலைநீள உச்சம் என்றால் 4.97 வந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, ஆற்றல் அடர்த்தியையும் துளைவழியே வெளிவரும் ஆற்றலையும் குழப்புவது. முன்னதை c/4 ஆல் பெருக்கினால்தான் பின்னது. 8πhc/λ⁵ என்று தொடங்கினால் குழிவுக்குள் இருப்பது, 2πhc²/λ⁵ என்று தொடங்கினால் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளியேறுவது. உச்சத்தின் இடம் இரண்டிலும் ஒன்றே, அளவுதான் மாறும்.

மூன்றாவது, எந்தச் சூடான பொருளையும் கரும்பொருளாக எடுத்துக்கொள்வது. மின்விளக்கின் டங்ஸ்டன் இழை கண்ணுறு ஒளியில் அகச்சிவப்பைவிட நன்றாக உமிழ்கிறது. அதன் நிறத்தை மட்டும் பார்த்து வெப்பநிலை கணித்தால் உண்மையைவிடக் கூடுதலாக வரும். பளபளப்பான உலோகத்தை நோக்கி அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்தால் நேர்மாறு, மிகக் குறைவாகக் காட்டும். உலோகத்தில் ஒரு சிறு ஆழமான துளை போட்டு அதற்குள் பார்த்து அளந்தால் சரியான மதிப்பு கிடைக்கும்.